சொல்லாமல் காலியாகும் கால் மணி நேரம்

காலை ஏழரை மணி. ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பறையில் நான்கைந்து பேர் காத்திருக்கிறார்கள். உள்ளே அல்ட்ராசவுண்ட் மெஷின் சும்மா நிற்கிறது. ஏழரை மணிக்குப் பெயர் கொடுத்தவர் வரவில்லை. எட்டு மணிக்காரரை முன்னால் அழைக்கலாம் என்றால், அவர் இப்போதுதான் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். சிறுநீர்ப்பை நிரம்ப நேரமாகும். அவருக்கு அடுத்தவர் வழியில் பால் காபி குடித்துவிட்டு வந்துவிட்டார். பித்தப்பை சுருங்கியிருக்கும், உள்ளே கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. ஆட்கள் இருக்கிறார்கள், டாக்டரும் இருக்கிறார், ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்தில் யாருக்கும் ஸ்கேன் நடக்கவில்லை.

பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களால் பரிசோதனைக் கூடங்களுக்கு ஏற்படும் இழப்பைக் குறைக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, நினைவூட்டல் அனுப்புவது. இரண்டு, முன்பணம் வாங்குவது. மூன்று, நேரப் பட்டியலைச் சூட்சுமமாகப் போடுவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டு, வராதவர் விகிதம் எவ்வளவு குறைந்தது என்று ஒரே எண்ணால் அளப்பதுதான் வழக்கம். அந்த அளவுகோலே தவறு என்பது என் கருத்து. ஒருவர் வராமல் போவது இழப்பல்ல. வரமாட்டேன் என்பது நேரத்தோடு தெரியாமல் போவதுதான் இழப்பு. முந்தைய நாள் தெரிந்தால் அந்த இடத்தில் வேறொருவரை வைத்துவிடலாம். எனவே இந்த மூன்று வழிகளையும், “எத்தனை பேரை வரவழைத்தது” என்று கேட்பதைவிட, “எத்தனை பேரை முன்கூட்டிச் சொல்ல வைத்தது” என்று கேட்டு எடைபோட வேண்டும்.

முதலில் ஒரு எல்லையைக் குறித்துக்கொள்வோம். சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு அப்பாயின்ட்மென்ட்டே தேவையில்லை. சில நிமிட வேலை. ஒருவர் வராவிட்டால் வரிசையில் அடுத்தவர் கை நீட்டுவார். அங்கே நேரம் குறித்துக் கொடுப்பது, இல்லாத நோயை வரவழைத்துக்கொள்வது போல. சிக்கல் எழுவது நேரமும் தயாரிப்பும் ஒன்றாகச் சேரும் இடங்களில்தான்: வெறும் வயிற்றோடும் நிறைந்த சிறுநீர்ப்பையோடும் வரவேண்டிய வயிற்று ஸ்கேன், அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கர்ப்பகால டிஃபா ஸ்கேன், எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அல்ட்ராசவுண்டையே எடுத்துக்கொள்கிறது. ஊருக்கு ஊர் இருப்பது அதுதான். காலைக் கூட்டம் மோதுவதும் அங்கேதான்.

நினைவூட்டல்: மலிவானது, ஆனால் மறதிக்கு மட்டும் மருந்து

நினைவூட்டலுக்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. மருத்துவச் சோதனை முடிவுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2013இல் 8 ஆய்வுகளை, 6,615 பேரை உள்ளடக்கி மதிப்பிட்டது. நினைவூட்டலே இல்லாததைவிடக் குறுஞ்செய்தி அனுப்பினால் வருகை கூடுகிறது. போன் செய்து நினைவூட்டுவதற்கும் குறுஞ்செய்திக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. செலவில் மட்டும் குறுஞ்செய்தி மிக மலிவு.

செய்தியில் என்ன எழுதுகிறோம் என்பதும் விளைவை மாற்றுகிறது. லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனைகளில் நடந்து 2015இல் வெளியான ஒரு சோதனையில், வழக்கமான செய்தி பெற்றவர்களில் 11.1 விழுக்காட்டினர் வரவில்லை. வராமல் போனால் அரசு மருத்துவச் சேவைக்குச் சுமார் 160 பவுண்டு இழப்பு என்ற வரியைச் சேர்த்தபோது அது 8.4 விழுக்காடாகக் குறைந்தது. பணம் கூடுதலாகச் செலவாகவில்லை. வாக்கியம் மட்டுமே மாறியது. ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே நம் ஊர்த் தனியார் லேபுக்கு எடுத்துவர முடியாது. அங்கே இழப்பு பொதுப் பணத்துக்கு. இங்கே “உங்களால் எங்களுக்கு இவ்வளவு நஷ்டம்” என்றால், அது உங்கள் பாடு என்றே வாசிப்பவருக்குத் தோன்றும். நம் செய்தி இன்னொரு நோயாளியைச் சுட்ட வேண்டும்: “வர இயலாவிட்டால் இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள். காத்திருக்கும் இன்னொருவருக்கு இந்த நேரத்தைக் கொடுப்போம்.”

இரவு 8 மணி என்ற கெடு எங்கிருந்து வந்தது? அதை லேபின் வசதி தீர்மானிக்கவில்லை, வயிறு தீர்மானிக்கிறது. காலை ஏழரை மணி இடம் காலியென்று காலை ஏழு மணிக்குத் தெரிந்தால் பயனில்லை. அதற்குள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் காபி குடித்திருப்பார். முந்தைய இரவே தெரிந்தால் “இன்றிரவு சாப்பிட்டபின் வேறெதுவும் வேண்டாம், காலையில் வந்துவிடுங்கள்” என்று அவரிடம் சொல்ல முடியும். ஆகவே ரத்துச் செய்வதைக் கேட்கும் நினைவூட்டல் முந்தைய நாள் காலையிலேயே போக வேண்டும். தயாரிப்பைச் சொல்லும் நினைவூட்டல் அன்று மாலை போக வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்ப வேண்டியவருக்கு மட்டும் ஸ்கேனுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு வரி: “இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் கழிக்க வேண்டாம்.” பல லேபுகள் இந்த மூன்றையும் ஒரே செய்தியில் திணித்து மாலை ஏழு மணிக்கு அனுப்புகின்றன. வேறு ஆள் தேட நேரம் இருப்பதில்லை. தண்ணீர் விஷயமும் காலையில் மறந்துபோகிறது.

நம் ஊருக்கே உரிய ஒரு தடை மொழி. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழில் எழுதினால் 70 இடம்தான். அதிலும் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக இடம் பிடிக்கும். “ஸ்கேன்” என்ற சொல்லுக்கே ஆறு இடம் போய்விடும். மேலே சொன்ன “இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள்” செய்தியே இரண்டு செய்திகளின் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். இது போதாதென்று, டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி வணிகச் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். நினைத்த நேரத்தில் ஒரு வரியை மாற்றி அனுப்ப முடியாது. எனவே லேபுகள் ஒரே ஓர் ஆங்கில வாசகத்தைப் பதிவுசெய்துவிட்டு அதையே எல்லோருக்கும் அனுப்பிவிடுகின்றன. அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்ததாகக் கணினி காட்டும், அவருக்கு எட்டியிருக்காது. அவர் பெயரில் உள்ள எண் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் மகனுடையது என்பது இன்னொரு சங்கதி. பெயர் எழுதும்போதே “காலையில் யாரிடம் போன் இருக்கும்?” என்று ஒரு கேள்வி கேட்டால், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். போன் வேறொருவர் கையில் இருக்கிறது என்பதாலேயே என்ன பரிசோதனை என்பதைச் செய்தியில் எழுதாமல் விடுவதும் நல்லது. எல்லாக் கர்ப்பமும் வீட்டுக்குத் தெரிந்த கர்ப்பமல்ல.

நினைவூட்டலின் பெரிய குறை இவை எதுவுமல்ல. அது மறதிக்கு மட்டுமே மருந்து. கூலி நாள் போகிறதே என்று தயங்குபவர், முடிவைப் பார்க்கப் பயப்படுபவர், வலி நின்றுவிட்டதால் இனி எதற்கு என்று எண்ணுபவர், முதல் பஸ் ஏழு மணிக்குத்தான் என்பதால் வர முடியாதவர் ஆகிய எவரும் மறக்கவில்லை. இவர்களுக்கு எத்தனை செய்தி அனுப்பினாலும் வரமாட்டார்கள். ஆனால் சுலபமாகச் சொல்ல வழியிருந்தால் சொல்லிவிடுவார்கள். ஒரு மிஸ்டு கால், அல்லது வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணைத் தட்டினால் போதும் என்ற வசதி இருக்க வேண்டும். லேபின் எண்ணுக்குப் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை என்ற நிலை நம்மிடம் மிகப் பரவலானது. அந்த நிலையில், சொல்லாமல் விட்டதற்கு நோயாளியைக் குறை சொல்வது நியாயமில்லை.

முன்பணம்: கூர்மையானது, ஆனால் வெட்டுவது யாரை?

முன்பணம் நியாயமாக இருக்கும் ஓர் இடம் உண்டு. அதைப் பார்த்தால்தான் மற்ற இடங்களில் அது ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும். பெட் ஸ்கேனுக்குச் செலுத்தப்படும் எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்க மருந்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். காலை பத்து மணி நோயாளிக்காக அளந்து வைத்த மருந்தில் 11.50க்குப் பாதிதான் மிச்சம், 1.40க்குக் கால்பங்கு. சைக்ளோட்ரான் இல்லாத ஊர்களுக்கு அது ஈயப் பெட்டியில் சாலை வழியாக வருகிறது. இத்தனை நோயாளிக்கு இவ்வளவு என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஒருவர் வராமல் போனால் அவருக்காக வந்த மருந்தை நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. இங்கே இழப்பு கண்ணுக்குத் தெரியும், அளக்க முடியும், நோயாளிக்கும் சொல்லிப் புரியவைக்க முடியும். அதற்கொரு முன்பணம் கேட்பதில் தவறில்லை. இங்கும் ஒரு விலக்கு வேண்டும். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் படம் சரியாக வராது என்பதால் அன்று ஸ்கேனைத் தள்ளிவைப்பது வழக்கம். சொன்னபடி வந்து நின்றும் உடம்பு ஒத்துழைக்காதவரின் பணத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

அல்ட்ராசவுண்டில் அப்படிக் கெட்டுப்போகும் பொருள் எதுவுமில்லை. வீணாவது நேரம் மட்டுமே. அங்கே முன்பணம் வாங்கினால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். காலையில் 16 பேர் பெயர் கொடுக்கிறார்கள், 4 பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வராதவர் 25 விழுக்காடு. ஸ்கேன் எடுத்தவர் 12 பேர். 200 ரூபாய் முன்பணம் என்று அறிவித்ததும் 11 பேர்தான் பெயர் கொடுக்கிறார்கள், ஒருவர் மட்டும் வரவில்லை. வராதவர் விகிதம் 9 விழுக்காடாக இறங்கிவிட்டது. ஆனால் ஸ்கேன் எடுத்தவர் 10 பேர். அறிக்கையில் இது வெற்றியாகத் தெரியும். மெஷின் முன்பைவிட அதிக நேரம் சும்மா இருந்திருக்கும். கையில் யு.பி.ஐ. இல்லாத முதியவர், மாலையில் கூலி வாங்கினால்தான் பணம் என்று இருப்பவர் முதலானோர் அந்தக் கதவருகே வரவேயில்லை. வந்து, பின் வராமல் போனவர்கள் மட்டுமே நம் எண்ணிக்கையில் விழுகிறார்கள். வரவே துணியாதவர்கள் எந்த எண்ணிக்கையிலும் விழுவதில்லை.

முன்பணம் மனத்தில் செய்யும் வேலையும் ஆராயத்தக்கது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் பொருளியலாளர்கள் யூரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காத்திருக்கும் ஆசிரியையை நினைத்து முன்பு உறுத்திய மனம், பணம் கொடுத்தபின் உறுத்தவில்லை; தாமதம் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. லேபின் முன்பணத்துக்கும் இதே ஆபத்து உண்டு. “என் இருநூறு ரூபாயைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்களே” என்று எண்ணுபவர், வரமாட்டேன் என்று போன் செய்யமாட்டார். நாம் தேடுவது அந்தப் போனைத்தான்.

எனவே முன்பணம் வாங்கியே தீர வேண்டுமென்றால், அதை அபராதமாக அமைக்காமல் சொல்வதற்கான தூண்டுதலாக அமைக்க வேண்டும். கெடுவுக்குள் சொன்னால் முழுப் பணமும் கேள்வியின்றித் திரும்ப வேண்டும், அல்லது அடுத்த தேதிக்கு மாற வேண்டும். வந்தால் பில்லில் கழிய வேண்டும். அவசர ஸ்கேனுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேட்கவே கூடாது. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: லேப் தன் நேரத்தைத் தவறவிட்டால் அதுவும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும். சிறு ஊர்களில் ரேடியாலஜிஸ்ட் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் போய்வருபவராக இருப்பார். எட்டு மணி என்று எழுதிய டோக்கனுக்குப் பத்து மணிக்கு அழைப்பு வந்த அனுபவம் ஒருவருக்கு இருந்தால், அடுத்த முறை எட்டு மணி என்பதை அவர் பொருட்படுத்தமாட்டார். நேரத்தை மதிக்காத பழக்கத்தை நோயாளிக்குக் கற்பித்ததில் லேபுக்கும் பங்குண்டு.

நேரப் பட்டியல்: அதிகம் தருவது, அதிகம் கெடுக்கக் கூடியது

நேரப் பட்டியலை மாற்றுவதில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கூடுதல் பேருக்கு நேரம் கொடுப்பது. காலை 7 முதல் 11 வரை, கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்றால் 16 பேர். ஐந்தில் ஒருவர் வருவதில்லை என்று வைத்துக்கொண்டால், 19 பேருக்கு நேரம் கொடுத்தால் சராசரியாக 15 பேர் வருவார்கள். கணக்கு கச்சிதமாகத் தெரிகிறது. ஆனால் தினமும் சராசரி நாளாக அமைவதில்லை. நிகழ்தகவைப் போட்டுப் பார்த்தால், 16க்கு மேல் ஆட்கள் வந்துவிடும் வாய்ப்பு சுமார் 24 விழுக்காடு. அதாவது நான்கு நாளில் ஒரு நாள் நெரிசல். எட்டு மணிக்கே இருவரை எழுதி வைத்தால் இருவரும் வந்து நிற்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. அதில் ஒருவர் காத்தே ஆக வேண்டும். காத்திருப்பவர் பசியோடும் நிறைந்த சிறுநீர்ப்பையோடும் இருக்கிறார். அடக்க முடியாமல் கழிவறைக்குப் போய்விட்டால் ஒரு மணி நேரம் மறுபடியும் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். வராத ஒருவரின் இழப்பை, வந்த இன்னொருவரின் உடம்பு ஏற்கிறது.

இதற்கு ஒரு மாற்று அல்ட்ராசவுண்டின் இயல்பிலேயே இருக்கிறது. எல்லா ஸ்கேனுக்கும் தயாரிப்பு தேவையில்லை. கழுத்துத் தைராய்டு ஸ்கேன், கால் டாப்ளர், மார்பக ஸ்கேன் ஆகியவற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கூடுதலாக எழுதும் மூன்று பேரை இவர்களிலிருந்து மட்டும் எடுத்தால், ஒருவர் வராத இடத்தில் இவர்கள் உடனே உள்ளே போவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் அரை மணி நேரம் காத்திருப்பதில் இவர்களுக்கு உடல் துன்பம் இல்லை. அதையும் மறைக்கக் கூடாது: “இது இடையில் கிடைக்கும் நேரம், சற்றுக் காத்திருக்க நேரலாம்” என்று முன்பே சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றுக்காரர்களுக்குத் தனி இடம், அதிலும் இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிகளுக்கு முதல் இடம். அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் டிஃபா ஸ்கேன்களை இந்த நெரிசலுக்கு வெளியே, பதினொரு மணிக்குமேல் வைக்கலாம். அவற்றுக்கு வெறும் வயிறு வேண்டாம். ஒருவர் வராவிட்டால் வீணாகும் நேரமோ இரட்டிப்பு, எனவே அவர்களுக்குக் குறுஞ்செய்தியோடு ஒரு போனும் போக வேண்டும்.

வரிசைக் கோட்பாட்டில் பெயர்பெற்ற ஒரு பழைய விதி இங்கே நினைவுக்கு வரும். 1952இல் நார்மன் பெய்லியும் வெல்ச்சும் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுக்குச் சொன்னது: தொடக்க நேரத்துக்கு இருவரை அழை, பின்பு சராசரி நேரத்துக்கு ஒருவராக அழை. டாக்டர் சும்மா இருக்கமாட்டார், கூட்டமும் மிஞ்சாது. இன்றும் பயனுள்ள விதிதான். ஆனால் ஸ்கேன் சென்டருக்கு அதை எடுத்துவரும்போது அந்த இருவர் யார் என்ற கேள்வியைச் சேர்த்தாக வேண்டும். ஒருவர் வயிற்று ஸ்கேன், மற்றவர் தைராய்டு ஸ்கேன் என்றால் விதி வேலை செய்யும். இருவரும் வயிற்று ஸ்கேன் என்றால் அது துன்பம்.

இன்னும் நுட்பமான வழி என்று இப்போது சொல்லப்படுவது, யார் வராமல் போவார் என்று பழைய பதிவுகளைக் கொண்டு கணித்து, அவர்கள் நேரத்தில் இன்னொருவரையும் எழுதி வைப்பது. இதன் ஆபத்தை அமெரிக்காவில் மிக்கேல் சமோரானியும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். அப்படிப் போடும் பட்டியலில் கறுப்பின நோயாளிகள் மற்றவர்களைவிட நெடுநேரம் காக்க நேர்ந்தது. பஸ்ஸும் விடுப்பும் கிடைக்காதவர்களே அதிகம் வராமல் போகிறவர்கள். ஆகவே நெரிசலான நேரங்கள் அவர்கள் தலையிலேயே விழுகின்றன. நம் ஊரில் இனத்துக்குப் பதில் கிராமமும் கூலியும் வந்து நிற்கும். கணிப்பு தவறான கருவியல்ல. அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. சென்ற முறை வராதவர் என்று தெரிந்தால் அவர் நேரத்தில் இன்னொருவரைத் திணிக்காமல், முந்தைய நாள் அவருக்கு ஒரு போன் செய்து, “பதினொரு மணிக்கு மாற்றித் தரவா, பஸ்ஸுக்குச் சரியாக இருக்குமா?” என்று கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட எளியதும் அதிகம் பேசப்படாததும் ஒன்றுண்டு: இடைநாளைக் குறைப்பது. பெயர் கொடுத்த நாளுக்கும் ஸ்கேன் நாளுக்கும் இடைவெளி கூடக் கூட வராதவர் கூடுகிறார்கள். பத்து நாளில் வலி போய்விடும், வேறு லேபில் எடுத்துவிடுவார்கள், முகூர்த்த நாள் என்பது பிறகுதான் தெரியவரும். மொத்த இடங்களில் மூன்றில் ஒன்றை இன்று, நாளை வருபவர்களுக்கென்று திறந்து வைத்தால் அந்த இடங்களில் வராதவர் பிரச்சினை பெரும்பாலும் எழாது. அடுத்த வாரத்துக்கான பட்டியல் அதனால் சற்று நீளும் என்பது அதன் விலை. நாள் குறித்து எடுக்க வேண்டிய கர்ப்பகால ஸ்கேன்களுக்கு இந்த வழி பொருந்தாது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய என்.டி. ஸ்கேனுக்கு முன்பதிவு வேண்டியதுதான்.

எப்படி அறிவது?

இவற்றில் எது வேலை செய்கிறது என்று அறிய நான்கு எண்களை ஒரு நோட்டில் எழுதினால் போதும்: கெடுவுக்குள் சொன்னவர்கள், சொல்லாமல் வராதவர்கள், வந்தும் தயாரிப்பின்றித் திரும்பியவர்கள், குறித்த நேரத்துக்குமேல் அரை மணிக்கு அதிகமாகக் காத்தவர்கள். பெரும்பாலான லேபுகள் இரண்டாவதை மட்டுமே எண்ணுகின்றன. காபி குடித்து வந்தவர் கணக்கில் “வந்தவர்”. மெஷினுக்கு அவரும் வராதவரும் ஒன்றே. நான்காவதை எண்ணாமல் விட்டால், கூடுதலாக ஆட்களை எழுதிய நெரிசல் வெற்றியாகவே தெரியும். நான்கு வாரம் ஒன்றும் மாற்றாமல் எண்ணி, பின்பு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆடி மாதத்தையும் தை முகூர்த்தங்களையும் ஒப்பிட்டு முடிவுக்கு வரக் கூடாது.

என் தீர்ப்பு இது. முதலில், தமிழில், பதில் சொல்ல வழியோடு, சரியான நேரத்தில் போகும் நினைவூட்டல். அடுத்து, இடைநாளைக் குறைத்துத் தயாரிப்பு வேண்டியவரையும் வேண்டாதவரையும் பிரிக்கும் பட்டியல். கூடுதலாக எழுதுவது, காத்திருந்தால் துன்பப்படாதவர்களைக் கொண்டு மட்டும். முன்பணம் கடைசி, அதுவும் பெட் ஸ்கேன் போல ஒரு பொருள் உண்மையாகவே வீணாகும் இடத்தில் மட்டும். முதல் இரண்டையும் செய்யாமல் நேரே முன்பணத்துக்குப் போகும் லேப், தான் போனை எடுக்காத குற்றத்துக்கு நோயாளியிடம் தண்டம் வசூலிக்கிறது. ஏழரை மணி மெஷின் சும்மா நிற்குமா என்பது முந்தைய இரவு எட்டு மணிக்கே முடிவாகிவிடுகிறது. அப்போது மணி அடிக்கும் போனை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். அவர் கையில், இரவுச் சாப்பாட்டுக்குமுன் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலும் இருக்க வேண்டும்.